மேல் வீட்டு கிரைண்டர் சத்தம்: சண்டை வராமல் எப்படி எழுதுவது?

இரண்டாம்மாடி
பிப்ரவரி 3, இரவு 11:52

வேளச்சேரியில் இரண்டாவது மாடி. எங்களுக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம். அந்த வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு அக்கம்பக்கத்தில் விற்கிறார். தினமும் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு கிரைண்டர் ஆரம்பிக்கிறது, பன்னிரண்டு மணி வரை நிற்பதில்லை. அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அந்தச் சத்தம் அதிகமாக வரும் அறையில்தான் படுத்திருக்கிறார்.

அந்த வீட்டு சாருக்கு இதை அனுப்பப் போகிறேன். அனுப்பும் முன் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்:

"வணக்கம் சார். தினமும் ராத்திரி 12 மணி வரைக்கும் கிரைண்டர் ஓட்டுறீங்க. கீழ மனுஷங்க தூங்க வேண்டாமா? வயசானவங்க இருக்காங்க. தயவுசெய்து 9 மணிக்கு மேல் கிரைண்டர் இயக்குவதை நிறுத்தவும். இல்லன்னா அசோசியேஷன்ல சொல்ல வேண்டி வரும்."

சட்டப்பிரிவு
பிப்ரவரி 4, காலை 7:10

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ராத்திரி 10 முதல் காலை 6 வரை சத்தத்துக்குத் தடை இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. போனில் அளக்கிற ஆப் போட்டு, 46 காட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து போலீசுக்கு அனுப்புங்கள். பத்து மணிக்கு முன்னால் மட்டும் எதுவும் கேட்க முடியாது, அது அவர்கள் உரிமை.

அரும்பாக்கம்66
பிப்ரவரி 4, காலை 8:31

எங்கள் தெருவில் கல்யாண மண்டபம். ஸ்பீக்கரை ரோட்டைப் பார்த்து வைத்துவிட்டு காலை நாலரைக்கே நாதஸ்வரம் போடுகிறார்கள். மேனேஜரிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. நீங்கள் சொல்கிற மண்டபமும் வேளச்சேரி பக்கம்தானா?

இரண்டாம்மாடி
பிப்ரவரி 4, காலை 8:40

மண்டபம் இல்லை. மேல் வீட்டு கிரைண்டர்.

பழையசெயலாளர்
பிப்ரவரி 4, காலை 11:05

96 வீடுகள் உள்ள குடியிருப்பில் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தவன். இந்த மாதிரி மெசேஜ் நிறையப் படித்திருக்கிறேன், சண்டையாகி என்னிடம் வந்த பிறகு.

முதலில் சட்டம் சொன்ன தம்பிக்கு. 45 என்பது சரி, இரவு பத்து முதல் ஆறு என்பதும் சரி. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண் அந்தப் பகுதியின் சுற்றுப்புறச் சத்தத்துக்கு வைத்தது. அதைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம் என்கிறது விதி. 46 காட்டிவிட்டது என்று யாரும் வரமாட்டார்கள், மின்விசிறி ஓடுகிற அறையில் போன் ஆப் அதற்கு மேலேயே காட்டும். பகலுக்கும் 55 என்று வரம்பு இருக்கிறது, ஆகவே பத்து மணிக்கு முன் எதுவும் கேட்க முடியாது என்பது தவறு. எப்படியும், நாளைக்கு லிஃப்டில் பார்க்கப் போகிற மனிதருக்கு எழுதுகிற முதல் மெசேஜில் இதில் ஒரு எண்கூட வரக் கூடாது.

இப்போது உங்கள் மெசேஜ். அதில் நாலு இடம் சண்டை இழுக்கிறது.

"ஓட்டுறீங்க." சத்தத்தைப் பற்றிப் பேச வேண்டிய வாக்கியம் ஆளைப் பற்றிப் பேசுகிறது. தமிழில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: "சத்தம் கேக்குது", "அதிர்வு வருது". செய்தவரே வாக்கியத்தில் வர வேண்டாம். பொய்யும் இல்லை, மழுப்பலும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே? மேலே என்ன நடக்கிறது என்பதை நீங்கள் பார்க்கவில்லை, கீழே என்ன கேட்கிறது என்பதைத்தான் அறிவீர்கள்.

"வேண்டாமா?" கேள்வி மாதிரி இருக்கும், பதிலை எதிர்பார்க்காது. அதைப் படிக்கிறவர் காதில் திட்டாகத்தான் விழும்.

"தயவுசெய்து நிறுத்தவும்." இது போர்டில் எழுதுகிற தமிழ். மேலே பேச்சு மொழியில் ஆரம்பித்துவிட்டு இந்த வரியில் மட்டும் சுற்றறிக்கைத் தமிழுக்குப் போனால், அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து நின்றது போல இருக்கும். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் யாரும் "தயவுசெய்து" சொல்வதில்லை. "கொஞ்சம்" என்போம், "முடிஞ்சா" என்போம்.

கடைசி வரியை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சத்தம் நேர் மேல் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று உறுதியா? கான்கிரீட் கட்டடத்தில் அதிர்வு தூண் வழியாகவும் தளம் வழியாகவும் போகும். எங்கள் குடியிருப்பில் ஒருவர் மேல் வீட்டுடன் ஆறு மாதம் பேசாமல் இருந்தார். கடைசியில் பார்த்தால் அது இரண்டு வீடு தள்ளி ஓடிய பழைய வாஷிங் மெஷின்.

இரண்டாம்மாடி
பிப்ரவரி 4, இரவு 10:20

மேல் வீடுதான். மாவு விற்கிறார்களே, இந்த வரிசையில் வேறு யார் வீட்டில் ராத்திரி கிரைண்டர் ஓடும்?

இரண்டாம்மாடி
பிப்ரவரி 4, இரவு 11:30

மேலே எழுதியதை யோசித்துப் பார்த்தேன். மாவு விற்கிறார்கள் என்பதால் அவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன், போய்ப் பார்க்கவில்லை. இப்போது படியேறி மூன்றாவது மாடி வராந்தாவில் ஒரு நிமிஷம் நின்றேன். கதவுக்கு வெளியே சாதாரணமாகத்தான் கேட்கிறது. எங்கள் படுக்கையறையில் கேட்பதைவிடக் குறைவு என்றே தோன்றியது. அது எனக்குப் புரியவில்லை.

பீளமேடுமெக்கானிக்
பிப்ரவரி 5, காலை 6:48

இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறேன். கிரைண்டர் சத்தம் இரண்டு வகையாகப் போகும். ஒன்று காற்றில்: ஜன்னல், கதவு, டக்ட் வழியாக. இன்னொன்று தரையில்: கால் வழியாகத் தளத்துக்கு இறங்கி, அங்கிருந்து சுவருக்கு. இரண்டாவது வகை என்றால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது, கீழே இருப்பவருக்குத்தான் "ங்ங்ங்" என்று மண்டைக்குள் ஓடும்.

இன்று ராத்திரி ஜன்னல் கதவு எல்லாம் சாத்திப் பாருங்கள். சத்தம் பாதியானால் காற்று வழி. அப்படியே இருந்தால் தரை வழி. சுவரில் உள்ளங்கை வைத்தால் குறுகுறுவென்று இருக்கும். வழவழப்பான தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் மேற்பரப்பில் நெளிவு தெரியும்.

தரை வழி என்றால் அவர்கள் நேரத்தை மாற்றாமலே பாதிக்கு மேல் குறைக்கலாம். பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: காலில் இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்து இரும்பு தரையில் இடிக்கும், அல்லது நாலு காலில் ஒன்று தரையைத் தொடாமல் ஆடும், அல்லது கிரைண்டர் உடம்பு சுவரில் சாய்ந்து நிற்கும். சமையலறை சின்னது என்று எல்லோரும் சுவரோடு ஒட்டித்தான் வைப்பார்கள். அந்தச் சுவர்தான் உங்கள் படுக்கையறைக்கு இறங்குகிறது.

மேல்வீட்டுக்காரி
பிப்ரவரி 5, பகல் 1:15

நான் எதிர்ப் பக்கத்தில் இருப்பவள். கிரைண்டர் இல்லை, எனக்கு ஓடியாடுகிற இரண்டு பிள்ளைகள். கீழ் வீட்டிலிருந்து இரண்டு வருஷத்தில் எட்டு மெசேஜ் வந்திருக்கிறது. படிக்கிறவள் மனசில் என்ன ஓடும் என்று சொல்கிறேன்.

"தினமும்" என்று பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், எந்த நாள் பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தார்கள் என்று எண்ணியது. செவ்வாய்க்கிழமை வீட்டில் ஆளே இல்லை. அப்படியென்றால் இவர் பொய் சொல்கிறார். முடிந்தது, மீதி வரிகளை நான் படிக்கவே இல்லை. பாக்கி ஆறு நாளும் சத்தம் இருந்தது உண்மைதான், ஆனால் அது அப்போது தோன்றவில்லை.

அப்புறம் அந்த மெசேஜ் என் கணவர் போனுக்கு வந்தது. பிள்ளைகளைப் பகலில் பார்ப்பது நான். அவர் ஆபீசிலிருந்து போன் செய்து "என்ன நடக்குது வீட்ல?" என்று கேட்டார். கீழ் வீட்டார் மேல் எனக்கு இருந்த கோபம் சத்தத்தால் வந்ததில்லை, அந்த போன் காலால் வந்தது. நீங்களும் சாருக்கு அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கிரைண்டரை ஓட்டுவது சாரா?

இரண்டாம்மாடி
பிப்ரவரி 5, இரவு 11:10

சார் இல்லை, அக்காதான் ஓட்டுகிறார். என்னிடம் சார் நம்பர்தான் இருக்கிறது. அக்காவுக்கு நான் ராத்திரியில் மெசேஜ் அனுப்புவதும் சரியாக இருக்காது. என் மனைவியிடம் அக்கா நம்பர் இருக்கிறது, மாவு வாங்குவதே அவள்தான். அவள் போனிலிருந்து அனுப்புவது என்று பேசிக்கொண்டோம்.

ஜன்னல் சாத்திப் பார்த்தேன். துளியும் குறையவில்லை. கட்டில் தலைமாட்டுச் சுவரில் கை வைத்தால் அதிர்கிறது, எதிர்ச் சுவரில் இல்லை. மெக்கானிக் அண்ணன் சொன்னது சரி.

பழையசெயலாளர்
பிப்ரவரி 6, காலை 9:30

ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள், ஆரம்பித்த நேரமும் நின்ற நேரமும். அவர்களிடம் காட்டுவதற்கு இல்லை. காட்டினால் வேவு பார்த்தது போல ஆகிவிடும். நீங்கள் எழுதுகிற வரி உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும்.

தஞ்சாவூரான்
பிப்ரவரி 6, மாலை 5:02

மெசேஜே வேண்டாம் என்பேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மேலே போங்கள், உட்காருங்கள், காபி கொடுப்பார்கள், அப்படியே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் ஊரில் எழுதிக் கொடுத்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி நினைப்பார்கள்.

இரண்டாம்மாடி
பிப்ரவரி 6, இரவு 9:15

அதை ஏற்கெனவே செய்தேன், நவம்பரில். பழம் இல்லை, அம்மா செய்த அதிரசம். சார் இருந்தார், அக்கா இருந்தார், பையனின் பரீட்சை, தண்ணீர் லாரி என்று எல்லாம் பேசினோம். கிளம்பும்போது "ராத்திரி கொஞ்சம் சத்தம் கேக்குது" என்றேன். "அப்படியா, பாக்குறோம்" என்றார்கள். நானும் "பரவாயில்ல பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றும் மாறவில்லை. எந்தச் சத்தம், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று நான் எதையும் சொல்லவில்லையே. எல்லாவற்றுக்கும் மேலாகப் பரவாயில்லை என்று நானே சொல்லிவிட்டு, மூன்று மாதமாக அவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுதினால் அந்த வாய் குழறல் இருக்காது என்பதால்தான் எழுத நினைக்கிறேன்.

சட்டப்பிரிவு
பிப்ரவரி 7, காலை 7:44

செயலாளர் சொன்ன 10 டெசிபல் விஷயத்தைப் படித்துப் பார்த்தேன், சரிதான். ஆனாலும் "ங்க" போட்டு எழுதினால் மரியாதை வந்துவிடுகிறது, அதற்கு மேல் இவ்வளவு வளைக்க வேண்டுமா?

மேல்வீட்டுக்காரி
பிப்ரவரி 7, காலை 10:20

"உங்க பிள்ளைங்களை அடக்கி வைங்க" என்று ஒரு மெசேஜ் வந்தது. அதிலும் "ங்க" இருந்தது.

இரண்டாம்மாடி
பிப்ரவரி 11, இரவு 12:05

ஏழு நாள் குறித்தேன், 4-ஆம் தேதி ராத்திரியிலிருந்து இன்று வரை. முதல் மெசேஜில் "தினமும் 12 மணி வரை" என்று எழுதியிருந்தேன். நோட்டில் இருப்பது வேறு.

ஏழில் ஐந்து நாள்தான் ஓடியது. நின்ற நேரம்: 11:20, 11:35, 12:10, 11:40, 12:05. இரண்டு நாள்தான் பன்னிரண்டைத் தாண்டியது. மூன்று தடவை அரைக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம், நடுவில் இடைவெளி. அம்மா உறங்க முடியாமல் கிடந்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது தினமும் ஆகியிருக்கிறது, பன்னிரண்டும் ஆகியிருக்கிறது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் அந்த அக்காவும் ஞாயிற்றுக்கிழமை அரைக்கவில்லையே என்றுதான் எண்ணியிருப்பார்.

புதிதாக எழுதிப் பார்த்தது:

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு சின்ன விஷயம்தான். உங்க வேலை எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்குத் தெரியும். ராத்திரி கொஞ்சம் கிரைண்டர் சத்தம் வர்ற மாதிரி இருக்கு. அம்மாக்கு ஆபரேஷன் ஆகி தூங்க முடியாம ரொம்ப சிரமப்படறாங்க. முடிஞ்சா பாருங்க. முடியலன்னா பரவாயில்ல."

மேல்வீட்டுக்காரி
பிப்ரவரி 11, காலை 9:50

இது முதலாவதைவிட நல்லது, ஆனால் எனக்கு இதுவும் வேண்டாம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றதுமே ஏதோ தப்பாக நினைக்க வேண்டிய விஷயம் வரப்போகிறது என்று நெஞ்சு படபடக்கும். "சத்தம் வர்ற மாதிரி இருக்கு" என்றால், வருகிறதா இல்லையா? "முடிஞ்சா பாருங்க" என்றால் எதைப் பார்க்க? நான் "சரிம்மா" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். நீங்கள் நவம்பரில் மாடியில் சொன்னதைத்தான் மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா விஷயம் எனக்கு உறுத்தியது. நான் மாவு அரைத்ததால் ஒரு நோயாளி அவதிப்படுகிறார் என்று படித்தால், முதலில் குற்ற உணர்வு வரும், இரண்டு நாள் கழித்து எரிச்சல் வரும். நாளைக்கு அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னால்தான் என்பார்களோ என்று தோன்றும்.

பழையசெயலாளர்
பிப்ரவரி 11, பகல் 12:40

அம்மா விஷயத்தில் நான் இந்த அம்மையார் சொல்வதோடு முழுக்க உடன்படவில்லை. அது உண்மை. உண்மையான காரணத்தை மறைத்தால் கேட்பது வீம்பு போலத் தெரியும். ஆனால் "ரொம்ப சிரமப்படறாங்க" வேண்டாம். "அம்மா அந்த ரூம்ல படுத்திருக்காங்க" போதும்.

"உங்க வேலை எவ்வளவு கஷ்டம்னு தெரியும்" என்பதையும் எடுத்துவிடுங்கள். அடுத்த வரியில் வரப்போகிற "ஆனால்" அதிலேயே கேட்கிறது.

முக்கியமானது இது: ஒரு மெசேஜில் ஒரே ஒரு வேண்டுகோள். நேரத்தைக் குறைக்கச் சொல்லப் போகிறீர்களா, கிரைண்டரை நகர்த்தச் சொல்லப் போகிறீர்களா? இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரண்டில் கஷ்டமானதை வைத்து மறுத்துவிடுவார்கள், எளிதானதும் அதோடு போய்விடும்.

பீளமேடுமெக்கானிக்
பிப்ரவரி 11, இரவு 8:15

நேரத்தைக் கேட்காதீர்கள். காலையில் பாக்கெட் போகிற மாவு ராத்திரிதான் அரைத்தாக வேண்டும். சாயங்காலமே அரைத்தால் இந்த வெயிலில் பொங்கி வழியும், காலைக்குள் புளித்துவிடும், வாங்குகிறவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். நேரத்தில் கை வைப்பது அவர்கள் பிழைப்பில் கை வைப்பது. கிரைண்டரைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை, அதை முதலில் கேளுங்கள்.

இரண்டாம்மாடி
பிப்ரவரி 12, மாலை 4:30

இதை என் மனைவி போனிலிருந்து அனுப்பிவிட்டோம். சாயங்காலம் நாலு மணி, அவர்கள் ஓய்வாக இருக்கிற நேரம். குடியிருப்பு குரூப்பில் போடவில்லை, அக்காவுக்கு மட்டும்.

"அக்கா, ராத்திரி கிரைண்டர் ஓடும்போது எங்க பெட்ரூம் சுவருல அதிர்வு வருது. ஜன்னல் சாத்தினாலும் குறையல, அதனால தரை வழியா இறங்குதுன்னு நினைக்கிறோம். மேல உங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது. கிரைண்டர் சுவரை ஒட்டி இருந்தா நாலு விரல் தள்ளி வச்சுப் பாக்கலாமா? நாளைக்கு பகல்ல ரெண்டு நிமிஷம் ஓட்டினீங்கன்னா கீழ இருந்து கேட்டுச் சொல்றேன். எப்ப தோதுப்படும்னு சொல்லுங்க."

அம்மாவைப் பற்றிய வரியைக் கடைசி நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். மனைவி வைக்கலாம் என்றாள். எனக்கு மேல்வீட்டுக்காரி அக்கா சொன்னதே மனசில் நின்றது.

"மேல உங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது" என்ற வரி நான் வராந்தாவில் நின்று கேட்டதால் எழுதியது. அவர்களைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. உண்மையிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாம்மாடி
பிப்ரவரி 12, இரவு 7:50

இரண்டு நீல டிக் விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது. பதில் இல்லை.

பழையசெயலாளர்
பிப்ரவரி 12, இரவு 8:05

இரண்டாவது மெசேஜ் போடாதீர்கள். கேள்விக்குறி மட்டும்கூட அனுப்பாதீர்கள். மாவு வாங்கும் நாள் என்றைக்கோ அன்றைக்கு வழக்கம்போல மாவு வாங்குங்கள்.

அரும்பாக்கம்66
பிப்ரவரி 13, காலை 8:00

நீங்கள் எழுதியதை மாற்றி மண்டபத்து மேனேஜருக்கு அனுப்பலாமா? "ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பி வச்சுப் பாக்கலாமா" என்று?

பழையசெயலாளர்
பிப்ரவரி 13, காலை 8:45

அனுப்புங்கள். ஆனால் உங்களுடையது வேறு. நாலரை மணி என்பது ஆறு மணிக்கு முன், இரவு நேரத்துக்குள் வருகிறது, அது வியாபார இடம், ஸ்பீக்கர் வேறு. அங்கே எழுத்து பலிக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதில் தயங்க வேண்டாம். லிஃப்டில் மேனேஜரைப் பார்க்கப் போவதில்லை நீங்கள்.

இரண்டாம்மாடி
பிப்ரவரி 13, இரவு 10:40

பதில் மெசேஜ் வரவில்லை, அக்காவே காலை பதினொன்றுக்கு இறங்கி வந்துவிட்டார். நான் வேலையில் இருந்தேன், மனைவி சொன்னதை எழுதுகிறேன்.

வந்தவர் நேராக அந்தச் சுவரைக் காட்டச் சொல்லியிருக்கிறார். மேலே பையனை கிரைண்டர் போடச் சொல்லிவிட்டு, சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். "ஐயோ, இப்படியா வருது" என்றாராம். பிறகுதான் கட்டிலில் அம்மாவைப் பார்த்திருக்கிறார். முட்டிக் கட்டு, பக்கத்தில் வாக்கர். அவர் முகம் மாறிவிட்டது. "இவ்வளவு நாளா ஏன் சொல்லல? மெசேஜ்லயும் எழுதலயே, நாங்க என்ன அவ்வளவு வேண்டாதவங்களா?" என்று என் மனைவியிடம் வருத்தப்பட்டிருக்கிறார். கீழே ஒரு அறுவை சிகிச்சை நடந்து நாலு வாரமாகியும் ஒரு எட்டு வந்து பார்க்கவில்லையே என்ற சங்கடம் அவருக்கு.

அந்த வரியை எடுத்தது சரியா தவறா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

மேல்வீட்டுக்காரி
பிப்ரவரி 14, காலை 7:30

என் அனுபவத்தை வைத்துச் சொன்னேன். எனக்கு வந்த எட்டு மெசேஜிலும் நோய் ஒரு ஆயுதமாகத்தான் வந்தது. உங்கள் வீட்டில் மாவு வாங்குகிற பழக்கம் இருக்கிறது, அவர்கள் உங்களை வேண்டியவர்களாக நினைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

பழையசெயலாளர்
பிப்ரவரி 14, காலை 10:10

வேண்டியவர்களிடம் மறைத்தால் அது ஒரு குற்றம், வேண்டாதவர்களிடம் சொன்னால் அது ஒரு குற்றம். நான் வைத்திருப்பேன், ஆனால் அதற்காக அந்த அம்மையார் சொன்னது தவறென்று சொல்லமாட்டேன்.

இரண்டாம்மாடி
பிப்ரவரி 15, இரவு 11:25

மேலே போய் கிரைண்டரைப் பார்த்தேன். ஐந்து லிட்டர் டில்டிங். பின்பக்கம் சுவர் டைல்ஸைத் தொட்டுக்கொண்டு இருந்தது. சாரும் நானும் சேர்ந்து நகர்த்தினோம். ஒவ்வொரு காலின் அடியிலும் காகிதத்தைச் செருகிப் பார்த்தேன். இடது பின் கால் அடியில் தாள் தாராளமாகப் போய் வந்தது.

அக்கா வீட்டில் இருந்த தடிமனான ஸ்பாஞ்சை வெட்டி நாலு காலுக்கும் வைத்தோம். இன்று கேட்டால் சுவரில் அதிர்வு நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் "டொக் டொக்" என்று புதிதாக ஒரு சத்தம்.

பீளமேடுமெக்கானிக்
பிப்ரவரி 16, காலை 6:30

குறைந்தது சுவரிலிருந்து தள்ளியதால். ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள். மாவோடு கல்லோடு அந்த எடை ஏறினால் ஸ்பாஞ்ச் ஒரே நாளில் அப்பளமாகிவிடும், ஒரு பக்கம் அதிகமாக அமுங்கி கிரைண்டர் ஆடும். அந்த ஆட்டம்தான் டொக் டொக். கெட்டியான ரப்பர் வேண்டும், விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் உள்ளே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன் போதும். முதலில் தாள் போய்வந்த காலைச் சரிசெய்து நாலும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ரப்பர் போடுங்கள். ஆடுகிற கிரைண்டருக்கு எந்த ரப்பர் போட்டாலும் ஆடும்.

இரண்டாம்மாடி
பிப்ரவரி 20, இரவு 10:55

ரப்பர் போட்டாயிற்று. நான் வாங்கித் தருகிறேன் என்றேன், சார் கேட்கவில்லை, அவரே வாங்கி வந்தார். டொக் டொக் நின்றுவிட்டது. அம்மா அறையில் இப்போது ஓடுவது தெரிகிறது, ஆனால் கதவுக்கு வெளியே யாரோ பேசுகிற அளவுதான். மாவு அள்ளும்போது டிரம்மைச் சாய்க்கிற இடி மட்டும் அப்படியே இருக்கிறது.

சட்டப்பிரிவு
பிப்ரவரி 21, காலை 7:20

அந்த இடிக்கும் ஒரு மெசேஜ் போடலாமே?

இரண்டாம்மாடி
பிப்ரவரி 21, இரவு 9:40

இப்போதைக்கு இல்லை. ஒரு ராத்திரிக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஒரு நொடி. அதையும் கேட்டால் முதலில் கேட்டதற்கு அவர்கள் செய்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

இரண்டாம்மாடி
மார்ச் 6, மாலை 6:15

இன்று அக்காவிடமிருந்து என் மனைவிக்கு வந்த மெசேஜ்:

"நாளைக்கு வளைகாப்பு ஆர்டர் இருக்கும்மா. இன்னைக்கு பன்னெண்டரை ஆயிடும். அம்மாவை ஹால்ல படுக்க வச்சுக்கறீங்களா, இன்னைக்கு மட்டும்?"

அதிர்வு, சுவர், நாலு விரல் எதுவும் அதில் இல்லை. எந்த நாள், எத்தனை மணி, என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளைக்கு, எல்லாம் இருக்கிறது. நான் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டு எழுதியதை அவர் யாரிடமும் கேட்காமல் எழுதியிருக்கிறார். "சரிக்கா" என்று பதில் போட்டுவிட்டு, அம்மா கட்டிலை இப்போதுதான் ஹாலுக்குத் தள்ளி வைத்தோம்.

மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு கேள்வி: இடது பின் காலின் புஷ் மட்டும் மாற்றினால் போதுமா, நாலையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? சார் நாளைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறார், அங்கே கிடைக்குமா என்றும் கேட்கச் சொன்னார்.

பீளமேடுமெக்கானிக்
மார்ச் 6, இரவு 8:50

நாலையும் மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அந்தக் கால் உயர்ந்து மறுபடி ஆடும். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற இடம், அங்கே அலைய வேண்டாம். வீட்டுப் பக்கத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடையில் பழைய புஷ் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள், அளவு பார்த்துத் தருவார்கள்.